முதல் வேலை: கூடுதல் சம்பளமா, கற்றுக்கொள்ளும் இடமா? மலையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் சின்னதாக ஒரு வரிக் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பி.காம். முடித்த பிள்ளைகள் கோத்தகிரி, கேத்தி, ஊட்டிப் பக்கமிருந்து வேலை கேட்டு வருவார்கள். சிலருடன் அப்பாவோ அம்மாவோ வருவதுண்டு. இடம் காலியில்லை என்று சொன்னாலும் டீ வரும்வரை உட்கார்ந்து கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைந்த சம்பளத்தில் ஆள் எடுக்கிற பக்கம் நிற்பவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சார், ஊட்டி ரிசார்ட்ல 20 ஆயிரம் தர்றேங்கிறாங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல 12 ஆயிரம்தான். எதுல சேரட்டும்?

மூன்று வருடத்தில் இன்னொரு முதலாளி பணம் கொடுத்து வாங்கக்கூடிய வேலையை அந்த 12 ஆயிரம் இடம் கற்றுக்கொடுக்கும் என்றால், அதுவரை வீடு கடன் வாங்காமல் ஓடும் என்றால், அங்கே சேருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ரிசார்ட்டுக்குப் போங்கள்.

பத்து வருஷம் கழிச்சு எவ்வளவு வித்தியாசம் வரும்? பொதுவா சொல்லாம கணக்கா காட்டுங்க.

கோத்தகிரிப் பெண் ஒருத்தி இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என் அனுமானம்தான். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் பார்க்கலாம், ஒரு தாளும் பேனாவும் போதும்.

ரிசார்ட்டில் முன்பதிவு மேசை. மாதம் 20,000, வருடத்துக்கு 6 சதவீத உயர்வு. அப்படியே போனால் பத்தாம் வருடம் மாதம் சுமார் 33,800 வாங்குவாள். பத்து வருடத்தில் கைக்கு வந்த மொத்தம் 31 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் முதல் மூன்று வருடம் மாதம் 12, 14, 17 ஆயிரம். நான்காம் வருடம் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு 24 ஆயிரத்தில் மாறுகிறாள். அங்கே வருடத்துக்குப் பத்து சதவீதம் போல ஏறி, 26,500, 29,000 என்று வருகிறது. ஏழாம் வருடம் இன்னொரு மாற்றம், 35 ஆயிரம். அதற்கப்புறம் 38,500, 42,000, பத்தாம் வருடம் 46,000. மொத்தம் 34 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

பத்து வருட மொத்தத்தில் வித்தியாசம் வெறும் இரண்டரை லட்சம் என்பதைக் கவனியுங்கள். “கற்றுக்கொள்கிற வேலைக்குப் போனால் பத்து வருடத்தில் எங்கேயோ போய்விடலாம்” என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை. மாறாக, பதினோராம் வருடத்தைப் பாருங்கள். ஒருத்தி 46 ஆயிரத்திலிருந்து தொடங்குகிறாள், இன்னொருத்தி 33,800-லிருந்து. மாதம் 12 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம், இனி வேலை பார்க்கிற இருபது, இருபத்தைந்து வருடத்துக்கும் அது தொடரும். லாபம் பத்து வருடத்துக்குள் இல்லை, அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். சம்பளத்தில் முந்துகிற நாள் வேறு, விட்டதைப் பிடிக்கிற நாள் வேறு. நான்காம் வருடமே மாதச் சம்பளத்தில் அவள் ரிசார்ட்டைத் தொட்டுவிட்டாள் (24,000-க்கு எதிரே 23,800). ஆனால் அதற்குள் மூன்று வருடத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் குறைவாக வாங்கியிருக்கிறாள். அந்தப் பள்ளம் நிரம்ப ஒன்பதாம் வருடம் ஆகிறது. நான்காம் வருடம் சம்பளம் உயர்ந்ததும் “நான் எடுத்த முடிவு சரி” என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. கணக்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜேக்கப் மின்சர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1974-ல் இதையே எழுதினார். வேலையில் கற்றுக்கொள்வதற்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பவர், விட்டுக்கொடுக்காதவரின் சம்பளத்தை எப்போது தாண்டுவார் என்பது அவர் கேள்வி. கற்றுக்கொண்டதில் போட்ட பணம் ஆண்டுக்கு 10 சதவீதம் திருப்பித் தந்தால் அதிகபட்சம் பத்து ஆண்டு, அதற்குள் தாண்டிவிடுவார் என்பது அவர் கணக்கு. அவரும் தாண்டுகிற நாளைத்தான் சொன்னார், பள்ளம் நிரம்புகிற நாளை அல்ல.

வீட்டுல நகைக்கடன் இருக்கு சார். அப்பவும் 12 ஆயிரம் வேலைக்குப் போகலாமா?

மேலே போட்ட கணக்கில் வட்டி சேர்க்கவில்லை. இப்போது சேர்த்துப் பார்ப்போம். அந்தப் பெண் முதல் மூன்று வருடம் குறைவாக வாங்குகிற தொகையை வீடு 12 சதவீத வட்டிக் கடனில் சமாளிக்கிறது. மூன்றாம் வருட முடிவில் கடன் 2 லட்சத்து 83 ஆயிரம். நான்காம் வருடத்திலிருந்து அவள் ரிசார்ட்காரியைவிட அதிகமாக வாங்கி, அந்த அதிகத்தை எல்லாம் கடனில் கட்டுகிறாள். ஆனாலும் கடன் ஏறுகிறது. காரணம், அந்த வருடங்களில் அதிகமாக வருகிற பணம் வட்டிக்கே போதவில்லை. ஆறாம் வருட முடிவில் 3 லட்சத்து 51 ஆயிரம் ஆகி, அப்புறம்தான் இறங்கத் தொடங்குகிறது. பத்தாம் வருடம் முடியும்போது இன்னும் 31 ஆயிரம் பாக்கி.

அதாவது கடன் இல்லாத வீட்டில் ஒன்பதாம் வருடம் தேறுகிற அதே முடிவு, கடன் வாங்குகிற வீட்டில் பத்து வருடம் முடிந்தும் தேறவில்லை. பெண்ணின் திறமை அதேதான், முதலாளிகளும் அதே ஆட்கள்தான். வட்டி மட்டும் நடுவில் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் பேச்சே வேண்டாம்.

அதனால் கடன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்வது: முதலில் 20 ஆயிரம் வேலைக்குப் போ, நகையை மீட்டு, ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் மாறு. ஒன்றரை வருடம் தாமதமாகும். மூன்று லட்சம் கடனோடு கற்றுக்கொள்வதைவிட அது மலிவு.

நல்லா வேலை கத்துக்கிட்டா அதே ஆபீஸ்லயே சம்பளம் ஏத்தித் தர மாட்டாங்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். நானே அப்படித்தான், ஒளிப்பானேன்.

கேரி பெக்கர் என்பவர் 1964-ல் வேலைப் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயன்படுகிற பயிற்சி ஒன்று. இந்த நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுகிறது இன்னொன்று. முதல் வகையைக் கற்றுக்கொடுக்கும் முதலாளி அதன் செலவைத் தான் ஏற்க மாட்டான், கற்றவன் நாளைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் அல்லவா? ஆகவே குறைந்த சம்பளமாக அந்தச் செலவை உங்களிடமே வாங்கிக்கொள்கிறான். நீங்கள் விட்டுக்கொடுக்கிற அந்த 8 ஆயிரம் ஒருவகைக் கல்லூரிக் கட்டணம்.

சரி, கட்டணம் வாங்கியாகிவிட்டது. நான்காம் வருடம் உங்களுக்கு 24 ஆயிரம் கொடுக்க என் சின்ன அலுவலகத்துக்கு என்ன அவசியம்? வாசலில் அடுத்த ஜூன் மாதத்துப் பிள்ளை 12 ஆயிரத்துக்கு நிற்கிறது. பழகிய ஆளை விட மனமில்லாமல் நான் பத்து சதவீதம் ஏற்றுவேன், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுப்பேன், “நம்ம பொண்ணு மாதிரி” என்பேன்.

போனஸை விட்டுவிட்டு அதையும் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றாம் வருடம் 17 ஆயிரம், அதன் மேல் வருடத்துக்குப் பத்து சதவீதம், எங்கேயும் மாறவில்லை. பத்தாம் வருடம் மாதம் 33,100. ரிசார்ட்டில் இருந்திருந்தால் 33,800. பத்து வருடம் முடிந்தும் தொடவில்லை. மொத்தத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் நஷ்டம். கற்றுக்கொண்டது ஒன்றும் குறைவில்லை. அதை வாங்குகிற ஆளிடம் கொண்டுபோகவில்லை.

டோபல், வார்ட் என்ற இருவர் 1992-ல் அமெரிக்க இளைஞர்களின் சம்பளப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். அந்த இளைஞர்கள் முதல் பத்து வருடத்தில் சராசரியாக ஏழு வேலை பார்த்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சம்பள உயர்வில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, வேலை மாறிய சமயங்களில் கிடைத்தது. அது அந்த நாட்டுக் கணக்கு, நம் மலையில் ஏழு வேலை மாறினால் பொண்ணு கொடுக்க மாட்டார்கள். ஆனால் கற்பது ஓரிடம், காசாவது வேறிடம் என்ற விஷயம் இங்கேயும் பொருந்துவதை என் அலுவலகத்தை விட்டுப் போனவர்களிடம் பார்க்கிறேன்.

‘இங்க சேர்ந்தா நிறைய கத்துக்கலாம்’னு எல்லா ஓனரும் சொல்றாங்க. நெஜமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. 12 ஆயிரமும் கொடுத்து ஒன்றும் கற்றுக்கொடுக்காத இடங்கள் ஏராளம்.

எங்கள் தொழிலிலிருந்தே ஒரு காட்சி. ஒரு தேயிலை ஃபேக்டரி ஒரு லட்ச ரூபாய்க்கு இயந்திர உதிரிபாகம் வாங்கியிருக்கிறது, அதற்கு 18 ஆயிரம் ஜி.எஸ்.டி. கொடுத்திருக்கிறது. அந்த 18 ஆயிரத்தைத் தன் வரியில் கழித்துக்கொள்ள வேண்டுமென்றால், விற்றவர் தாக்கல் செய்த விவரம் இவர்களுடைய GSTR-2B பட்டியலில் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி அந்தப் பட்டியல் உருவாகும். விற்றவர் இந்த ஃபேக்டரியின் 15 எழுத்து வரிப்பதிவு எண்ணுக்குப் பதிலாக இன்னொரு ஃபேக்டரியின் எண்ணைப் போட்டுவிட்டார். பில் பட்டியலில் வரவில்லை.

முதல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை காலையிலிருந்து மாலைவரை பில்களை டேலியில் பதிவேற்றுகிறது. பட்டியலோடு ஒப்பிடுவது உள்ளறையில் இருக்கும் சீனியர் வேலை. பில் வரவில்லை என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டாவது அலுவலகத்தில் பதிவேற்றுவதும் ஒப்பிடுவதும் ஒரே பிள்ளையின் வேலை. 18 ஆயிரம் இடிக்கிறது. ஏன் என்று தேடி, எண் தப்பு என்று கண்டுபிடித்து, விற்றவருக்குப் போன் போட்டு, அடுத்த GSTR-1 விற்பனை அறிக்கையில் திருத்தச் சொல்லி, இந்த மாதம் அந்தத் தொகையைக் கழிக்காமல் நிறுத்தி, அடுத்த மாதம் வந்ததா என்று பார்க்கிறது. முதல் முறை அரைநாள் ஆகும், திட்டும் விழும். ஆறாவது முறை பத்து நிமிடம்.

இரண்டு பிள்ளைகளின் அனுபவச் சான்றிதழிலும் “இரண்டு வருடம், ஜி.எஸ்.டி. வேலை” என்றுதான் இருக்கும். ஆனால் கோவை கம்பெனியில் நேர்காணல் செய்பவர் கேட்கிற முதல் கேள்வியே “2B-ல வராத பில்லை என்ன பண்ணுவீங்க?” என்பதுதான். அந்த இடத்திலேயே ஒருவர் 24 ஆயிரத்துக்கு, ஒருவர் 15 ஆயிரத்துக்கு.

ஆகவே சேரும்முன் கேட்க வேண்டியது “என்ன கத்துக்கொடுப்பீங்க?” என்று இல்லை. “எனக்கு முன்னாடி இந்த சீட்ல யாரு இருந்தாங்க, இப்ப எங்க இருக்காங்க?” என்று கேளுங்கள். போனவர்கள் நல்ல இடத்துக்குப் போயிருந்தால் முதலாளி கொஞ்சம் சலிப்போடும் கொஞ்சம் பெருமையோடும் சொல்வார். “எல்லாரும் பாதியில ஓடிட்டாங்க” என்றால் புரிந்துகொள்ளுங்கள். ஏழெட்டு வருடமாக அதே ஆள் அதே பதிவேற்றும் வேலையில் இருந்தாலும் புரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் அங்கே இப்போது வேலை பார்க்கிற ஒருவரை பஸ் ஸ்டாண்டில் பிடித்து, “நீங்க தப்புப் பண்ணா யாரு பார்த்துச் சொல்வாங்க?” என்று கேளுங்கள். தப்பைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை, வேகம்தான் கூடும்.

அப்ப ரிசார்ட் வேலையில கத்துக்க ஒண்ணுமே இல்லையா?

அப்படி நான் சொல்லவில்லை. வாசலில் நின்று சாவி கொடுப்பது ஒரு வேலை. சீசனில் எந்த அறையை எந்த இணையதளத்தில் என்ன விலைக்கு விடுவது, மே மாத மலர்க் கண்காட்சிக்கு எத்தனை அறையைக் கடைசி வாரம்வரை விற்காமல் வைத்திருப்பது, ஜூலை மழையில் காலியாக இருக்கும் அறையை எந்த விலைவரை இறக்கலாம் என்று தீர்மானிக்கும் மேசை வேறு வேலை. அந்த இரண்டாவது மேசையில் உட்கார வைப்பார்கள் என்றால் 20 ஆயிரமும் கிடைத்து, கோவா முதல் கேரளா வரை எந்த ஹோட்டலிலும் விலைபோகிற வேலையும் கிடைக்கிறது. அப்புறம் என்ன யோசனை, அங்கேயே சேருங்கள். என் 12 ஆயிரம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

டீ ஃபேக்டரியில டீ மேக்கர் வேலை கத்துக்கறது? அது நம்ம ஊர்த் தொழில்தானே?

அருமையான வேலை. சாயங்காலம் லாரியில் பசுந்தேயிலை வந்திறங்கும். இரவெல்லாம் வாட்டு மேடையில் காற்றோட்டத்தில் கிடக்கும், பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் போல. கைப்பிடி இலையை அள்ளி அழுத்திப் பார்த்தே போதுமா இல்லையா என்று சொல்லிவிடுவார் அனுபவஸ்தர். அரைத்த பிறகு பச்சை மாறிச் செம்புநிறம் வருகிற அந்தச் சமயத்தைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சாறு செத்துவிடும். உலர்த்தி எடுக்கும்போது ஈரம் மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இதைப் புத்தகத்தில் கற்க முடியாது, இரவு ஷிப்டில்தான் கற்க முடியும்.

ஆனால் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: இதை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? நீலகிரியில் விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகள் நூற்றுக்கு மேல் உண்டு. கூட்டுறவு ஃபேக்டரிகள், எஸ்டேட் ஃபேக்டரிகள் தனி. வால்பாறை, மூணாறு, அஸ்ஸாம் வரை போகலாம். ஆட்கள் உண்டுதான். சிக்கல் என்னவென்றால், அவர்கள் எல்லோரும் ஒரே மழையில் நனைகிறவர்கள். குன்னூர் ஏலத்தில் விலை சரிந்தால் உங்கள் ஃபேக்டரி மட்டும் சம்பளத்தை நிறுத்தி வைக்காது, நீங்கள் மாறிப் போகலாம் என்று நினைத்த அடுத்த ஃபேக்டரியும் அதே நிலையில் இருக்கும். நீங்கள் வேலை மாற வேண்டிய வருடமும், யாரும் ஆள் எடுக்காத வருடமும் ஒன்றாகவே வரும்.

ஒரே ஒரு ஆள் மட்டுமே வாங்குகிற திறமைக்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருந்தது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். இருட்டறையில் பிலிம் மேல் ரசாயனம் பூசுகிற நுணுக்கத்தை ஒரு தலைமுறையே அங்கே கற்றது. சம்பளமும் நன்றாக இருந்தது, கற்றுக்கொண்டதும் ஆழமானது. டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்த நுணுக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொரு வாசல் இல்லை. அதே ஆலையில் இருந்த எலக்ட்ரீஷியனுக்கும் பாய்லர் ஆளுக்கும் வெளியே வாசல் இருந்தது.

டீ மேக்கர் வேலைக்குப் போவதென்றால், கூடவே உலர்த்தி, மோட்டார், பாய்லர் பக்கத்து வேலையையும் பழகிக்கொள்ளுங்கள். அதை பிஸ்கட் ஃபேக்டரிக்காரனும் வாங்குவான்.

முதல் சம்பளம் 12 ஆயிரம்னு போட்டா, அடுத்த கம்பெனி அதை வெச்சு 15 ஆயிரம்தானே தருவான்?

அப்படி முயல்வான். பழைய சம்பளச் சீட்டைக் கேட்பான். பொய் சொல்லாதீர்கள், வங்கிக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். “பயிற்சிக் காலச் சம்பளம் அது. இந்த வேலைக்கு இப்போ கோவையில் 22-லிருந்து 25 ஓடுது, அதை எதிர்பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு, என்ன செய்யத் தெரியும் என்பதை 2B கதை மாதிரி ஒன்றைச் சொல்லிக் காட்டுங்கள். கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் பேச்சு சுருங்கும்.

குறைந்த தொடக்கம் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று கனடாவில் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார மந்தநிலை சமயத்தில் பட்டம் பெற்று, மற்றவர்களைவிட ஒன்பது சதவீதம் போலக் குறைவாகத் தொடங்கியவர்களின் சம்பளத்தை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. பள்ளம் பத்து வருடத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடுகிறது. மூடிய வழி, முதலில் கிடைத்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல நல்ல நிறுவனங்களுக்கு நகர்ந்தது. அதிகம் விலைபோகாத படிப்பு படித்தவர்களுக்கு அந்தப் பள்ளம் அப்படி மூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த 20 ஆயிரத்துல பி.எஃப். பிடிச்சது போக வருதா, பிடிக்காமலா?

இதைக் கேட்ட பையனை உடனே வேலைக்கு எடுக்கலாம் என்று தோன்றியது.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் பி.எஃப். கட்டாயம். என் மாதிரிச் சின்ன அலுவலகத்தில் அநேகமாக இருக்காது. 15,000 ரூபாயை அடிப்படையாக வைத்துப் பிடித்தால் உங்களிடமிருந்து மாதம் 1,800 போகும், முதலாளியும் 1,800 போடுவார். அவர் போடுவதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கு, மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கு. ஆகவே கைக்கு 20 ஆயிரம், அது போக பி.எஃப். என்றால் 12 ஆயிரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 8 அல்ல, 11 ஆயிரத்தை ஒட்டி வரும். மேலே போட்ட பள்ளம் இன்னும் ஆழமாகும். மாறாக, முதலாளி பங்கையும் சேர்த்தே 20 ஆயிரம் என்று சொல்லியிருந்தால் கைக்கு 16 ஆயிரத்துச் சொச்சம்தான். சேரும் கடிதத்தில் எது என்று எழுதி வாங்குங்கள்.

மூணு வருஷம் பாண்டு கேக்கறாங்க. போடலாமா?

நடுவில் போனால் கட்டச் சொல்லும் தொகையைப் பாருங்கள். ஓரளவு நியாயமான தொகை என்றால் நீதிமன்றம் பாண்டை ஏற்கிறது. விஜயா வங்கி வழக்கில் மூன்று வருட பாண்டையும் அதற்கான 2 லட்ச ரூபாயையும் 2025-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. “பாண்டு எல்லாம் சும்மா” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே போட்ட கணக்கில் லாபமெல்லாம் நான்காம் வருட மாற்றத்திலிருந்து வருகிறது. மூன்று வருட பாண்டு அதைத் தடுக்காது, ஐந்து வருட பாண்டு தடுக்கும். அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்கச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவையில 22 ஆயிரம், ஊர்ல 14 ஆயிரம். வீட்டுல இருந்தா செலவு இல்லையே?

ஹாஸ்டல், சாப்பாடு, மாதம் இரண்டு முறை மலை ஏறி இறங்குவது என்று 9 ஆயிரம் வைத்தால் கோவைக்காரர் கையில் 13. ஊரில் இருப்பவர் கையில் 14, வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தாலும் சமம்தான். பணத்தை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. ஆனால் கீழே அடுத்த வேலைக்கு நேர்காணலுக்குப் போக மதிய இடைவேளை போதும். கோத்தகிரியிலிருந்து போவதென்றால் ஒரு நாள் லீவு போட வேண்டும், மண் சரிந்தால் அதுவும் இல்லை. மூன்றாம் வருடம் மாறவேண்டும் என்கிற திட்டத்தில் இருப்பவருக்கு அந்தத் தூரம் ஒரு செலவு.

ரெண்டு வருஷம் ஆச்சு சார். போதும்னு எப்படித் தெரியும்?

போன ஆறு மாதத்தில் முதல் முறையாகச் செய்த வேலை ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் உங்கள் கட்டணம் இனி வீண். இன்னொரு அடையாளம்: புதிதாக வந்த பிள்ளைக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள், உங்கள் தப்பைப் பார்க்க மேலே ஆள் இல்லை. அப்போது நீங்கள் சீனியர் வேலையை டிரெய்னி சம்பளத்தில் பார்க்கிறீர்கள். என் வாயால் இதைச் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதல்ல. செப்டம்பர் 30 ஆடிட் கெடு முடிந்ததும் சொல்லிவிட்டுப் போங்கள், அதற்கு முன்னால் போகாதீர்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு 26 ஆயிடுச்சு. நாலு வருஷம் சம்பளத்தைப் பார்த்தே ஓட்டிட்டேன். இப்ப மாறினா லேட்டா?

நானும் 26-ல்தான் மாறினேன். கல்லூரி முடித்ததும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. கூடப் படித்தவர்களைவிட ஒன்றரை மடங்கு சம்பளம், பைக்குக்கு பெட்ரோல் வேறு. நான்காம் வருடம் அந்தக் கம்பெனி மலைக் கிளையை மூடியது. அனுபவச் சான்றிதழில் ஒரே வரி, அதைக் காட்டிக் கேட்ட இடத்திலெல்லாம் புது ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தைத்தான் சொன்னார்கள். வாங்கியதில் பாதிக்கு ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்தேன். பக்கத்து நாற்காலியில் 21 வயசுப் பையன், என்னை “அண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டே டேலி சொல்லிக்கொடுத்தான்.

உங்கள் பள்ளம் 22 வயதுக்காரரின் பள்ளத்தைவிட ஆழமாக இருக்கும், ஏனென்றால் நீங்கள் விடுகிற சம்பளம் பெரிது. 25 ஆயிரத்தை விட்டு 12-க்கு வந்தால் மாதம் 13 ஆயிரம். அதனால் மூன்று வருடம் இருக்க வேண்டாம், ஒன்றரை வருடத்தில் மாறுகிற மாதிரி வேலையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நான்கு வருடம் ஆட்களிடம் பேசிப் பழகியிருக்கிறீர்கள், அது அந்த 21 வயசுப் பையனுக்கு வராது. பில் வராத சப்ளையருக்கு போன் போடும் வேலையை எனக்குத்தான் கொடுப்பார்கள். இரண்டாவது மாதமே ஃபேக்டரி முதலாளிகள் ஆடிட்டரை விட்டுவிட்டு என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். டேலியில் மட்டும் இன்றைக்கும் அந்தப் பையன்தான் என்னைவிட வேகம்.